எழுபத்தைந்து கிராம் கேழ்வரகு மாவு

பென்னாகரத்தில் எனக்கு அப்போது தேவைப்பட்டதெல்லாம் ஒரு தொலைபேசி. ஒரு தமிழ் நாளிதழுக்குத் தருமபுரி மாவட்ட நிருபராக இருந்தேன். ஒகேனக்கல்லில் வெள்ளம், பரிசல் போக்குவரத்து நிறுத்தம், காட்டோரம் யானை என்று எது நடந்தாலும் பென்னாகரத்துக்கு வந்து, சேலம் அலுவலகத்துக்கு டிரங்க் கால் போட்டு, செய்தியை வரி வரியாகச் சொல்ல வேண்டும். கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய் தன் கடைத் தொலைபேசியைக் கொடுத்தார். எதிர்முனையில் எழுதிக்கொள்பவருக்குக் காது மந்தம். நான் கத்துவதைக் கேட்கக் கடைக்கு வந்தவர்கள் வாங்கிய சாமானை எடுக்காமல் நிற்பார்கள். பேப்பர் வருமுன்பே பென்னாகரத்துக்குச் செய்தி தெரிந்துவிடும். பாய்க்கு அதில் பெருமை.

ஒருநாள் பேசி முடித்து ரிசீவரை வைத்ததும், பாய் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு மடித்த காகிதத்தை எடுத்தார்.

"நிருபர் தம்பி, நீங்க இங்கிலீஸ் தந்தியத் தமிழாக்குற வேலை பார்த்தவருதானுங்களே?"

பார்த்திருக்கிறேன். நிருபராக வருமுன் சேலத்தில் துணை ஆசிரியராக இருந்தேன். இரவெல்லாம் டெலிபிரிண்டர் துப்பும் ஆங்கிலத்தைத் தமிழாக்குவதுதான் வேலை. எண்ணை மாற்றாதே, எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல்லை விடாதே என்பதுதான் அங்கே எனக்குச் சொல்லப்பட்ட முதல் பாடம்.

காகிதம் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி கொடுத்த உணவு அட்டவணை. ஒரு பக்கம் கன்னடம், மறுபக்கம் ஆங்கிலம். பாயின் மனைவிக்கு ஏழெட்டு வருடமாகச் சர்க்கரை நோய். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண்ணில் விளக்கு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. இடது கண்ணில் ஆள் தெரியும், முகம் தெரியாது. அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், தையல் இயந்திரத்தின் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டார். கண் டாக்டர் ஒரே வார்த்தைதான் சொல்லியிருந்தார். சர்க்கரை இறங்கினால் அறுவை செய்வேன். இறங்காமல் கத்தி வைத்தால் புண் சீழ் பிடித்துக் கண்ணே போய்விடும். அடுத்த முறை வரும்போது இறங்கியிருக்க வேண்டும்.

"கடைக் கணக்குப்பிள்ளை ஒருக்கா தமிழ்ல எழுதிக் குடுத்தாருங்க. அதும்படிதான் ஒரு மாசம் போச்சு. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல கை நடுங்குது, வேர்த்துக் கொட்டுது. வெல்லத்தக் கரைச்சுக் குடுத்தா நிக்குது. மறுநாள் டெஸ்ட் எடுத்தா செங்கல் கலருங்க."

செங்கல் கலர் என்றால் என்ன என்று அன்றே வீட்டுக்குள் கூட்டிப்போய்க் காட்டினார். கடைக்குப் பின்புறம்தான் வீடு. சமையல்கட்டு ஜன்னலில் ஒரு ஸ்பிரிட் விளக்கு, சோதனைக் குழாய்கள், பெனடிக்ட் கரைசல் என்ற நீலத் திரவம் நிறைந்த பாட்டில். குழாயில் ஐந்து மில்லி நீலத் திரவம், அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர், கொதிக்கவிட்டு ஆற வைத்தால் நிறம் சொல்லும். நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறி, செங்கல் நிறத்தில் முடிந்தால் மிக அதிகம்.

பாயின் மனைவி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைவிட மூத்தவர். அக்கா என்றே கூப்பிட்டேன்.

"தம்பி, யானை வந்தா ஊருக்கே கேக்குற மாதிரி கத்துறீங்களே, அது நீங்கதானா?" என்றார். "உங்க தொண்டை பெருசா இருக்கங்காட்டி ஆளும் பெருசுன்னு நெனச்சேன்."

கணக்குப்பிள்ளையின் தமிழை வாங்கிப் பார்த்தேன். "மதியம் சாதம் 75 கிராம்" என்று இருந்தது. மூலத்தைப் பார்த்தேன். அட்டவணையின் தலையில், கட்டத்துக்கு மேலே, எறும்பு மாதிரி பொடி எழுத்தில் ஒரு வரி: தானியம், பருப்பு, காய்கறி எடைகள் அனைத்தும் சமைக்காத நிலையில். அந்த வரி தமிழில் இல்லை. எழுபத்தைந்து கிராம் அரிசி வெந்தால் இருநூறு கிராமை எட்டும் சாதம். அக்கா சாப்பிட்டுவந்தது எழுபத்தைந்து கிராம் சாதம், இரண்டு கைப்பிடி. மாத்திரை மட்டும் முழு அளவு. மாத்திரை சர்க்கரையை இறக்கும். இறக்கியதைத் தாங்க வயிற்றில் சோறு இல்லை. நடுக்கம் அதனால். நடுக்கத்துக்கு வெல்லம், வெல்லத்துக்குச் செங்கல்.

"கொறைச்சலா தின்னா நல்லதுதானுங்களே, சக்கரைக்கு?" என்றார் பாய்.

"அவங்க எழுதினது கூடவும் இல்ல, கொறைச்சலும் இல்ல, பாய். அந்த அளவுக்குத்தான் மாத்திரை குடுத்திருக்காங்க."

அட்டவணை முழுவதையும் புதிதாக எழுதினேன். அவசரச் செய்தி எழுதுவதைவிட அதிக நேரம் ஆனது. காலைப் பலகாரத்துக்கு மாவு அறுபது கிராம், மதியம் அரிசி எழுபத்தைந்து, பருப்பு இருபது, இரவு கேழ்வரகு மாவோ கோதுமை மாவோ எழுபத்தைந்து. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் "சமைக்காதது" என்று எழுதினேன். ஒரு முறை தலையில் எழுதினால் போதாது என்பதுதான் கணக்குப்பிள்ளை மூலம் தெரிந்துவிட்டதே. மீன் அல்லது கோழி ஐம்பது கிராம் என்ற இடத்தில் ஆங்கிலத்தில் உண்ணும் பகுதி என்று இருந்தது. "முள்ளும் எலும்பும் நீக்கிய பிறகு" என்று எழுதினேன்.

கப்புதான் தொல்லை கொடுத்தது. சாம்பார் ஒரு கப், மோர் ஒரு கப். அடிக்குறிப்பில் கப் என்றால் 150 மில்லி, தேக்கரண்டி என்றால் 5 மில்லி என்று போட்டிருந்தது. அந்த வீட்டில் காப்பி கப், பாயசக் கப், பீங்கான் கப் என்று எல்லாம் இருந்தன. எதுவும் 150 மில்லி இல்லை. மருந்துக் கடையிலிருந்து அளவுக் குழாய் ஒன்றை இரவல் வாங்கி வந்து, எவர்சில்வர் டம்ளரில் 150 மில்லி தண்ணீர் ஊற்றி, நீர்மட்டத்தில் ஆணியால் ஒரு கோடு கீறினேன். தமிழில் "150 மில்லி (கோடு போட்ட டம்ளர், கோடு வரை)" என்று எழுதினேன். எண்ணெய்க் கரண்டியை அளந்தால் எட்டு மில்லி பிடித்தது. நாள் முழுக்க எண்ணெய் மூன்று தேக்கரண்டிதான். அந்தக் கரண்டியைத் தள்ளிவைத்துவிட்டு, இருமல் மருந்தோடு வந்த ஐந்து மில்லி பிளாஸ்டிக் மூடியை அளவாக வைத்தோம்.

எழுந்திருக்கும்போது அக்கா தலையணைக்குப் பின்னாலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார்.

"இதையும் படிச்சுச் சொல்லிருங்க தம்பி. மவன் சவூதியிலருந்து அனுப்புனான். சக்கர இல்லாத பிஸ்கட்டு. எவ்ளோ வேணாலும் தின்னலாமாம்."

டப்பாவின் முகப்பில், சர்க்கரை சேர்க்காதது, நீரிழிவு நோயாளிகளுக்கு ஏற்றது என்று பெரிய எழுத்து. பின்புறம் ஒரு சிறு கட்டம். நூறு கிராமில் மாவுச்சத்து 62 கிராம், கொழுப்பு 24 கிராம், ஆற்றல் 480 கலோரி. அதற்குப் பக்கத்தில், ஒரு பரிமாறல் இரண்டு பிஸ்கட், 16 கிராம். அதில் மாவுச்சத்து 10 கிராம்.

"ஒரு நாளைக்கு எத்தனை சாப்பிடுறீங்க அக்கா?"

அக்கா வாய் திறக்குமுன் பாய் சொன்னார்: "டப்பாவ ஆட்டிப் பாருங்க தம்பி. சத்தம் வருதா? காலி."

கட்டத்தை எண் மாறாமல் தமிழில் எழுதிக் கொடுத்தேன். ஆனால் இந்தப் பிஸ்கட்டை அட்டவணையில் எங்கே வைப்பது என்பது மொழிபெயர்ப்பவன் முடிவு செய்யும் காரியம் அல்ல. செய்தியில் சந்தேகம் வந்தால் மூலத்தைக் கேட்க வேண்டும். பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் பதிவு செய்தேன். உணவு ஆலோசகர் ஒரு பெண்மணி. நான் நிருபர் என்றதும் முதலில் பயந்தார். அட்டவணையை வரி வரியாகப் படித்துக்காட்டியதும் பயம் போய்விட்டது. பிஸ்கட் பற்றித் தெளிவாகச் சொன்னார். சர்க்கரை இல்லாவிட்டாலும் மாவு மாவுதான். இரண்டு பிஸ்கட் சாப்பிட்டால் அன்றைய இரவு மாவில் பதினைந்து கிராம் குறைக்க வேண்டும். கொழுப்பும் கூடுதல், அதனால் சாப்பிடாமல் இருப்பதே மேல்.

"பதினஞ்சு கிராம் மாவுன்னா களியில எவ்ளோ?" என்றார் அக்கா.

"உருண்டையில அஞ்சுல ஒரு பங்கு."

அக்கா டப்பாவைப் பாயின் கையில் கொடுத்தார். "பிரிக்காத டப்பா ரெண்டு உள்ள இருக்குது, கடையில வெச்சு வித்துருங்க. எனக்குக் களிதான் பெருசு."

அவருடைய உலை தனியாக வைக்கப்பட்டது. குடும்பத்துப் பானையிலிருந்து பிரித்தால் எது எத்தனை கிராம் என்று தெரியாது என்பதால், நிறுத்த மாவு சின்னச் சட்டியில் வெந்தது. நிறுப்பது பாயின் பொறுப்பு. ஊரில் அவரைவிட நன்றாக நிறுப்பவர் யார்? தமிழ்த் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு, நல்ல காரியம் செய்த திருப்தியோடு பஸ் ஏறினேன்.

இரண்டு வாரம் கழித்துப் போனபோது கடையில் யாரும் சிரிக்கவில்லை. நான் தொலைபேசியைத் தொடுமுன் பாய் சொன்னார்: "நடுக்கம் நின்னுபோச்சுங்க. அது உண்மை. ஆனா கலர் ஆரஞ்சுக்குக் கீழ இறங்க மாட்டேங்குது. பெங்களூர் போற நாள் நெருங்கிட்டே வருது. கோச்சுக்காதீங்க, உங்க தமிழ்லதான் எங்கியோ ஓட்டை இருக்குது."

இப்படி ஒரு குற்றச்சாட்டு வந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான். கணக்குப்பிள்ளையை உட்காரவைத்து ஆங்கிலத்தை உரக்கப் படிக்கச் சொன்னேன். நான் சுவரில் இருந்த தமிழில் விரல் வைத்துச் சரிபார்த்தேன். அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது இப்படித்தான். ஒரு முறை படித்தோம். எண்களை மட்டும் கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்தோம். தவறு இல்லை.

"அப்போ காயிதம் சரி," என்றார் கணக்குப்பிள்ளை. அவருக்குள் கொஞ்சம் நிம்மதி தெரிந்தது; இந்த முறை மாட்டிக்கொண்டது அவர் இல்லை.

"பாய், ராத்திரிக் களிக்கு மாவு நிறுங்க. நான் பார்க்கணும்."

கடைத் தராசின் ஒரு தட்டில் ஐம்பது, இருபது, ஐந்து கிராம் கற்களை வைத்தார். மறு தட்டில் மாவைக் கொட்டினார். தட்டுகள் ஆடி, முள் நடுவில் நின்றது. சரியாக எழுபத்தைந்து. அப்போது அவருடைய வலது கை தானாக மாவு டின்னுக்குள் போனது. விரல்கள் ஒரு பிடி எடுத்தன, தட்டில் போட்டன. மாவுத் தட்டு 'ணக்' என்று கீழே உட்கார்ந்தது. பாய் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் இருபத்தைந்து வருடமாக அவர் சிரிக்கும் சிரிப்பு.

"இப்ப என்ன போட்டீங்க?"

"எங்க?"

"முள் நின்ன பொறவு ஒரு பிடி போட்டீங்களே."

அவர் தட்டைப் பார்த்தார். கையைப் பார்த்தார். "அது... கொசுறுங்க," என்றார்.

மாவை மறுபடி நிறுத்தோம். தொண்ணூற்றைந்து. அரிசியை எப்போதும் போல நிறுக்கச் சொன்னேன், தொண்ணூறு வந்தது. காலை மாவிலும் பதினைந்து கூடியது. மூன்றையும் கூட்டினால் ஐம்பது கிராம். அக்கா தினமும் மூன்று வேளை உணவோடு, கண்ணுக்குத் தெரியாமல், ஏறக்குறைய இன்னொரு காலைப் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போதாததற்கு, பால்காரரும் இதே ஊர்க்காரர்தான். அளந்து ஊற்றிய பிறகு சட்டியில் ஒரு சாய்ப்புச் சாய்க்காமல் அவரும் போக மாட்டார்.

பாயின் முகம் வாடிவிட்டது. நிறுவையில் குறைவு வைப்பது அவருக்கு மார்க்க விரோதம். முள் நடுவில் நின்றால் யாருக்காவது குறைந்துவிட்டதோ என்று பயம். தட்டு தாழ்ந்தால்தான் மனசு ஆறும். அந்தப் பெயருக்காகத்தான் வத்தல்மலைக்காரர்கள்கூட இரண்டு பஸ் மாறி இந்தக் கடைக்கு வந்தார்கள்.

"கை கேக்காதுங்க தம்பி," என்றார். "நெஞ்சறியப் போடுறதில்ல. சரியா நின்னா, அது கொறைச்சலாத் தெரியுது."

கணக்குப்பிள்ளை நிறுக்கலாம் என்றேன். கணக்குப்பிள்ளை தலையைச் சொறிந்தார். அவரும் அதே கடையில் பழகியவர். சோதித்துப் பார்த்தோம், அவர் கொசுறு பாயுடையதைவிடப் பெரியது.

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. கதவருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"ஏனுங்க, ஏலக்காய்க்கு கொசுறு போடுவீங்களா?"

பாய் கதவுப் பக்கம் திரும்பினார்.

"ஏலக்காய்க்கா? யாராச்சும் போடுவாங்களா?" என்றார் பாய். "என்ன வெல விக்குது!"

"அப்போ என் மாவ ஏலக்காய்னு நெனச்சு நிறுங்க."

ஏலக்காய், கிராம்பு நிறுக்க ஒரு சின்னப் பித்தளைத் தராசு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. பாய் அதை எடுத்து மேசையில் வைத்தார். சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எழுபத்தைந்து கிராமுக்கான கற்களை வைத்தார். மாவைக் கொட்டவில்லை, இரண்டு விரலால் தூவினார். தட்டு இறங்க இறங்க மூச்சைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் முள் ஒரு மயிரிழை சாய்ந்தது. அவர் குனிந்து, ஒரு சிட்டிகை மாவைத் திரும்ப எடுத்தார். முள் நடுவில் நின்றது. கை மாவு டின் பக்கம் போகவே இல்லை.

"பாத்தீங்களா," என்றார் அக்கா, எதையும் பார்க்காமலே. "எனக்குன்னா அள்ளிப் போடுறது, ஏலக்காய்னா எடுத்துக்கறது."

மூலத்தில் இல்லாத ஒரு சொல்லை மொழிபெயர்ப்பில் சேர்க்கக் கூடாது. அதனால் அட்டவணையின் கட்டத்துக்கு வெளியே, அடியில் கோடு கிழித்து, குறிப்பு என்று தலைப்பிட்டு எழுதினேன்: "முள் நடுவில் நிற்க வேண்டும். ஏலக்காய் நிறுப்பது போல நிறுக்கவும். கொசுறு கிடையாது." பால்காரருக்கு வாய்மொழியாகவே சொல்லப்பட்டது. பாலும் இனி டம்ளர் கோடு வரைதான்.

அடுத்த வாரம் மஞ்சள். பிறகு பச்சை. பாய் எனக்கே தருமபுரிக்கு டிரங்க் கால் போட்டு, வேறு எதுவும் பேசாமல், "பச்சைங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். நான் போயிருந்த ஒரு காலையில் குழாய் ஜன்னல் ஓரம் ஆறிக்கொண்டிருந்தது. அக்கா பாயின் சொல்லை நம்பவில்லை.

"இவரு என் மனசு நோகக்கூடாதுன்னு கலரையும் கொசுறு போட்டுச் சொல்லுவாரு. தம்பி, நீங்க பத்திரிகைக்காரரு. உள்ளதச் சொல்லுங்க."

குழாயை எடுத்து, வெள்ளைத் தாளைப் பின்னால் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தேன். பாட்டிலில் இருந்த திரவத்தோடு ஒப்பிட்டேன்.

"நீலம், அக்கா. வேற எதுவும் கலக்காத நீலம்."

அவர் கையை நீட்டினார். சூடு ஆறிய குழாயை வாங்கி, முகத்துக்கு அருகில் வைத்து, இடது கண்ணால் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு நிறம் தெரிந்திருக்காது. ஆனாலும் திருப்பித் தர மனம் வரவில்லை.

பெங்களூரில் வெறும் வயிற்று ரத்தச் சோதனையைப் பார்த்த கண் டாக்டர், இன்றைக்கே சேர்த்துக்கொள்ளுங்கள் என்றாராம். வலது கண்ணில் அறுவை நடந்தது. புண் சுத்தமாக ஆறியது. சுவரிலிருந்து பிய்த்துப் பாய் கொண்டுபோயிருந்த தமிழ்த் தாளை உணவு ஆலோசகர் கேட்டு வாங்கிப் பார்த்தாராம். ஓசூர், தருமபுரிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்குக் கொடுக்கத் தமிழில் ஒன்று இல்லை. பிரதி எடுத்துக்கொள்ளலாமா என்று எனக்குக் கடிதம் எழுதினார். கீழே உள்ள குறிப்பு எதற்கு என்றும் கேட்டிருந்தார். விளக்கி எழுதினேன். வேண்டாமென்றால் நீக்கிவிடலாம் என்றும் சொன்னேன். சைக்ளோஸ்டைல் செய்த பிரதி ஒன்று தபாலில் வந்தது. டம்ளர் கோட்டை நீக்கியிருந்தார். அது அந்த வீட்டுக்கு மட்டும் உரியது. குறிப்பு அப்படியே இருந்தது.

அக்காவுக்குக் கண்ணாடி வந்த பிறகு ஒருநாள் செய்தி சொல்லப் போனேன். ஒகேனக்கல்லில் பரிசல் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது. வீட்டுக்குள்ளிருந்து தையல் இயந்திரத்தின் சத்தம். நான் கத்திப் பேசி முடித்ததும் சத்தம் நின்று, சோடா பாட்டில் அடி மாதிரி கனத்த கண்ணாடியோடு அவர் கடைக்குள் வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தொண்டைக்கு ஆளே இல்லியே!" என்றார்.

பாய் பித்தளைத் தராசில் இரவு மாவை நிறுத்துக்கொண்டிருந்தார். அக்கா குனிந்து முள்ளைப் பார்த்தார். நானும் பார்த்தேன், எனக்கு அது நடுவில்தான் நின்றது.

"சாயுது," என்றார் அக்கா.

"எங்க சாயுது? நடுவுலதான் நிக்குது!"

"சாயுதுங்கறேன். எடுங்க."

பாய் ஒரு சிட்டிகை எடுத்தார். அக்கா மறுபடி குனிந்து பார்த்துவிட்டுத் தலையசைத்தார். அதற்குள் கடை வாசலில் யாரோ அரைக் கிலோ துவரம் பருப்பு கேட்டார்கள். பாய் பெரிய தராசுக்குப் போனார். பருப்பைக் கொட்டினார், முள் நின்றது, கை மூட்டைக்குள் போனது. தட்டு 'ணக்' என்று தாழ்ந்தது. அக்கா அதையும் பார்த்தார். எதுவும் சொல்லாமல், தன் எழுபத்தைந்து கிராமை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.